அடங்கட்டும், பார்க்கலாம்

ஒரு பெரிய வெப் சீரிஸ் வருகிறது. ஒரு மாதமாக எங்கு திரும்பினாலும் அதன் டிரெய்லர், பேட்டி, போஸ்டர். வெளியான மறுநாளே அலுவலக வாட்ஸப் குழுவில் விடிய விடியப் பார்த்து முடித்தவர்களின் பெருமூச்சுகள். அப்போது என்னைப் போன்ற ஒரு ஜாதி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஹைப் அடங்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." இதைச் சொல்லும்போது கொஞ்சம் உயரத்தில் நின்று சொல்வதுபோல ஒரு தோரணை வந்துவிடும். கூட்டம் ஓடுகிறது, நான் ஓடவில்லை என்கிற தோரணை. அந்தத் தோரணைக்கு நியாயம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. காத்திருப்பதால் உண்மையிலேயே என்ன கிடைக்கிறது? அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

போளூர்க்காரனுக்கு இந்தக் கேள்வி முன்பு வந்திருக்காது. எங்கள் ஊரில் காத்திருப்பதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அது தானாக நடந்தது. ஃபிலிம் காலத்தில் ஒரு படத்துக்கு இத்தனை பிரிண்ட் என்று கணக்கு உண்டு. பிரிண்ட் போட விலை அதிகம் என்பதால் முதலில் ஏ சென்டர்கள் எனப்பட்ட பெரிய நகரங்களுக்குப் பெட்டி போகும். அங்கே ஓடி முடிந்தபின் அதே பெட்டி பி, சி சென்டர்களுக்கு இறங்கி வரும். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது ஒரு விநியோக ஏரியா. 1989இல் மாவட்டம் பிரிந்து நாங்கள் திருவண்ணாமலைக்காரர்கள் ஆன பிறகும் சினிமா வியாபாரத்துக்கு நாங்கள் பழைய வட ஆற்காடுதான். வேலூரில், திருவண்ணாமலையில் எல்லாம் ஓடித் தேய்ந்துதான் பெட்டி போளூருக்கு வரும். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். பதினாலு பதினைந்து ரீல்களில் ஒவ்வொரு ரீலின் தொடக்கமும் முடிவும்தான் அதிகம் அடிபட்டிருக்கும். திரையில் கோடு கோடாக விழுவதைப் பார்த்து "படத்துல மழை பெய்யுது" என்பார்கள். சில பாட்டுகள் வெட்டுப்பட்டே வரும்.

ஆனால் அந்தத் தேய்ந்த பெட்டியோடு இன்னொன்றும் வந்தது. தீர்ப்பு. படம் ஓடுமா ஓடாதா என்பது போளூருக்கு வருமுன்பே முடிவாகியிருக்கும். வேலூரில் மூன்று நாளில் தூக்கிய படத்தை எங்கள் தியேட்டர்காரர் எடுக்கவே மாட்டார். எடுத்தது எல்லாம் நூறு நாள் படம், அல்லது அப்படி ஒரு பேர் வாங்கிய படம். அதனால் எங்களுக்குச் சின்ன வயதில் மோசமான படங்கள் குறைவாகவே தெரியும் என்று என் மாமா ஒருவர் சொல்வார். "மெட்ராஸ்காரன் காசு போட்டு சலிச்சி அனுப்பறான்டா, நாம சலிச்சத திங்கறோம்" என்பது அவர் வாக்கு. இந்த வாக்கியம் எனக்குப் பிற்பாடு நிறைய உதவியது.

2000களின் பிற்பகுதியில் டிஜிட்டல் புரொஜெக்ஷன் பரவியதும் இது ஒரேயடியாக மாறியது. சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனத்தின் கியூப் போன்ற முறைகள் வந்தபின் பெட்டி என்ற பொருளே இல்லாமல் போனது. சென்னையில் போடும் அதே காலையில் போளூரிலும் முதல் காட்சி. அப்புறம் ஓடிடி வந்து, போளூரையும் சியோலையும் ஒரே நிமிடத்தில் நிறுத்திவிட்டது. ஜவ்வாது மலை மேல் ஜமுனாமரத்தூர் பக்கம் ஆசிரியராக இருக்கும் என் நண்பன் ஒருவன் மட்டும் இன்னும் பழைய காலத்தில் வாழ்கிறான். மேலே அவன் இருக்கும் இடத்தில் சிக்னல் சரியாக நிற்காது. சனிக்கிழமை போளூருக்கு இறங்கி வந்து, வீட்டு வைஃபையில் நாலைந்து எபிசோடுகளைப் போனில் இறக்கிக்கொண்டு, ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுவான். மற்றவர்களுக்கு இனிமேல் காத்திருப்பது என்பது ஒரு செயல். செயல் என்றால் அதற்குப் பொறுப்பும் உண்டு.

சரி, எவ்வளவு நாள் காத்திருந்தால் ஹைப் அடங்கும்? "கொஞ்ச நாள்" என்பதுதான் வழக்கமான பதில். இதற்கு ஓரளவு துல்லியமான பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு இரண்டு சீரிஸ்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். நெட்ஃப்ளிக்ஸ் 2021 நவம்பரிலிருந்து வாராவாரம் டாப் 10 பட்டியலை வெளியிடுகிறது, அந்த ஆண்டு ஜூன் கடைசி வரை பின்னோக்கியும் கணக்கு கொடுத்தது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். உலகம் முழுக்க அந்த வாரம் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்பதுதான் ஆரம்பத்தில் அதன் அளவுகோல்.

முதலாவது, தென்கொரியாவின் 'ஸ்க்விட் கேம்'. 2021 செப்டம்பர் 17, வெள்ளிக்கிழமை வெளியானது. ஆக முதல் வாரத்தில் அதற்குக் கிடைத்தது மூன்றே நாள். அந்த மூன்று நாளில் சுமார் 6.3 கோடி மணி நேரம். இரண்டாம் வாரம், ஏழு நாளும் முழுதாக, சுமார் 44.9 கோடி. மூன்றாம் வாரம் சுமார் 57.2 கோடி.

இரண்டாவது, '1899'. 'டார்க்' எடுத்த ஜெர்மானியத் தம்பதியர் பரான் போ ஓடாரும் யாண்ட்யே ஃப்ரீஸவும் எடுத்தது. 'டார்க்' நம்மூர் இளைஞர்களிடையே அப்படி ஓடியதால் இதற்கு எதிர்பார்ப்பு பயங்கரம். 2022 நவம்பர் 17, வியாழக்கிழமை வெளியானது. முதல் நான்கு நாளில் சுமார் 7.9 கோடி மணி நேரம். அடுத்த முழு வாரத்தில் சுமார் 8.8 கோடி.

அப்படியே பார்த்தால் 1899இன் எண்ணும் ஏறியிருக்கிறது. நாளால் வகுத்துப் பாருங்கள். ஸ்க்விட் கேம் முதலில் நாளுக்கு 2.1 கோடி மணி, பிறகு 6.4 கோடி, அதற்குப் பிறகு 8.2 கோடி. 1899 முதலில் நாளுக்கு கிட்டத்தட்ட 2 கோடி, பிறகு 1.25 கோடி.

எனக்கு இதில் ஆச்சரியம் தந்தது முதல் எண்தான். இரண்டும் தொடங்கிய இடம் ஏறக்குறைய ஒன்றே. முதல் வார இறுதியில் நின்றுகொண்டு பார்த்தால் ஒன்று வரலாறாகப் போகிறது, இன்னொன்று நிற்கப் போகிறது என்பது எண்ணில் தெரியாது. முதல் மூன்று நான்கு நாள் என்பது விளம்பரத்தின் நாட்கள், பேரைப் பார்த்து வந்தவர்களின் நாட்கள். இரண்டாம் வாரம் என்பது பார்த்தவர் பார்க்காதவரிடம் சொன்ன வாரம். இந்த இரண்டையும் நாம் 'ஹைப்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்க்விட் கேமின் சத்தத்தில் பெரும்பகுதி நிறுவனம் போட்டதல்ல, சனங்கள் போட்டது. 1899இன் சத்தத்தில் பெரும்பகுதி முன்னாலேயே போடப்பட்டது. தவிர நவம்பர் 23 அன்று 'வெட்னஸ்டே' வந்து, தன் முதல் வாரத்திலேயே 34 கோடி மணிக்கு மேல் அள்ளிக்கொண்டு போனது. அது வேறு.

ஆக, விளம்பரச் சத்தம் அடங்கி மற்றவர் சொல் கேட்கத் தொடங்க ஏறக்குறைய பத்து நாள் போதும். முதல் முழு வாரம் முடிந்தபின் வரும் பட்டியலை எடுத்து நாளால் வகுத்தால் எது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். இந்த முறைக்கு எல்லை உண்டு. பட்டியலில் வரும் பத்துக்கு மட்டும்தான் செல்லும், கீழே கிடப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பார்த்த மணி நேரம் என்பது முடித்தவர்களின் எண்ணிக்கையும் அல்ல. ஒருவர் எட்டு எபிசோடையும் பார்ப்பதும், எட்டுப் பேர் ஆளுக்கொரு எபிசோடு பார்த்துவிட்டு ஓடிப் போவதும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். எத்தனை பேர் கடைசி வரை உட்கார்ந்தார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும், நமக்குக் காட்ட மாட்டார்கள்.

அதற்கு முன்பு இருந்த அளவுகோல் இன்னும் வேடிக்கை. 2020 தொடக்கத்தில் நெட்ஃப்ளிக்ஸ் தன் பங்குதாரர்களுக்குச் சொன்னது: ஒரு கணக்கிலிருந்து இரண்டு நிமிடம் பார்த்தால் அதைப் பார்த்ததாக எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் ஒரு எபிசோடில் 70 சதவீதம் பார்த்தாக வேண்டும் என்று இருந்தது. மாற்றியதில் எண்கள் சராசரியாக 35 சதவீதம் கூடின என்று அவர்களே சொன்னார்கள். ஸ்க்விட் கேமை நான்கே வாரத்தில் 14.2 கோடி வீடுகள் பார்த்தன என்று வந்த புகழ்பெற்ற செய்தி இந்த இரண்டு நிமிடக் கணக்கில் வந்ததுதான். இரண்டு நிமிடம் என்பது ஒரு கலைப்படைப்பை அளப்பதில்லை, ஆர்வத்தை அளக்கிறது. ஹைப்புக்கு ஹைப்பையே அளவுகோலாக வைத்த காலம் அது. ஆனால் அளவுகோல்கள் மாறினாலும் ஒரு விஷயம் மாறவில்லை: கணக்குக்கு ஒரு கெடு உண்டு. முதலில் முதல் 28 நாள். 2023 ஜூனிலிருந்து 'மிகவும் பிரபலமானவை' பட்டியலுக்கு 91 நாள். அந்தக் கெடு தாண்டிப் பார்ப்பவனின் கண் அந்தப் பட்டியலில் சேராது.

1899க்கு வருகிறேன். அது மூன்று சீசனாக யோசிக்கப்பட்ட கதை. முதல் சீசன் எட்டு எபிசோடு, கடைசி நிமிடங்களில் கதை முழுதாகத் திரும்பி வேறொரு இடத்தில் கண் விழிக்கிறது. 2023 ஜனவரி 2 அன்று, வெளியாகி 46ஆவது நாள், இரண்டாம் சீசன் இல்லை என்று ஓடார் இன்ஸ்டாகிராமில் எழுதினார். இந்த எண் வரவில்லை அதனால் நிறுத்துகிறோம் என்று நிறுவனம் எதையும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் தொடர்வதா வேண்டாமா என்பது பார்த்தவர் எண்ணிக்கையையும் செலவையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவாகிறது, அதுவும் முதல் சில வாரங்களின் எண்ணிக்கை.

நான் அதை முதல் வாரமே பார்த்துவிட்டேன். 'டார்க்' பார்த்தவனுக்குப் பொறுமை இல்லை. என் மலை நண்பன் பார்க்கவில்லை. "மூணு சீசனும் வரட்டும் மச்சான், மொத்தமா எறக்கிக்கினு போய் பாக்கறேன்" என்றான். ஜனவரியில் செய்தி வந்ததும் அவனுக்கு ஒரே குஷி. "பாத்தியா, நான் சொல்லல? முடிவே இல்லாத கதைய பாத்து நீ என்னா கண்ட?" என்று கேட்டான். இன்றுவரை பார்க்கவில்லை, இனியும் மாட்டான்.

அவன் சொன்னதில் ஏதோ இடறியது. அது என்னவென்று புரியச் சில நாள் ஆனது. "நான் காத்திருந்தது சரியாப் போச்சு" என்று அவன் சொல்ல முடியாது. ஏனென்றால் அவனைப் போல "மொத்தமா வரட்டும்" என்று காத்திருந்தவர்கள் எத்தனை லட்சமோ, அத்தனை பேரும் சேர்ந்துதான் அந்த எண்ணைக் குறைத்தார்கள். அவர்கள் எதிர்பார்த்து ஒதுங்கிய ஆபத்தில் ஒரு பங்கை அவர்களே உண்டாக்கினார்கள். மழை வராது என்று குடை எடுக்காமல் போனவன் மழை வராததைத் தன் கணிப்பின் வெற்றி என்று சொல்லலாம், மழைக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை. வங்கி திவாலாகும் என்று பணத்தை எடுத்தவன், எல்லாரும் அப்படியே எடுத்ததால் வங்கி விழுந்தபின், "நான் சொன்னேனே" என்று சொல்வது வேறு. நண்பனுடையது இரண்டாவது வகை.

உடனே ஒரு பதில் வரும். கோடிக்கணக்கில் ஒருத்தன் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? ஓட்டுக்கும் இதே கேள்வி உண்டு, அதற்கும் இதே பதில் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஓட்டோடு ஒப்பிடுவது சரிப்படவில்லை. ஓட்டுப் போடுபவனுக்கு ஊரோடு ஓர் உறவு இருக்கிறது. ஒரு அமெரிக்க நிறுவனத்தின் எண்ணிக்கையை உயர்த்தும் கடமை போளூர்க்காரனுக்கு எங்கிருந்து வரும்? மாசச் சந்தா கட்டியாயிற்று, அதோடு கணக்கு முடிந்தது. அவர்களுக்கு நான் ஒரு நிமிடமும் கடன்பட்டவன் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கடன் என்று ஒன்று இருந்தால் அது வேறு இடத்தில் இருக்கிறது. மாமா சொன்ன 'சலிச்சி அனுப்பறவங்க' மேல். நான் பத்தாம் நாள் எண்ணை வகுத்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று முடிவு எடுக்கிறேன் என்றால், அந்தப் பத்து நாளும் யாரோ தங்கள் ராத்திரியைக் கொடுத்திருக்கிறார்கள். பாதி பேர் ஏமாந்திருப்பார்கள். என் தொழிலில் இதை நன்றாகவே அறிவோம். எந்த மென்பொருளிலும் புள்ளிக்குப் பின் பூஜ்யம் இருக்கும் பதிப்பை, 5.0 என்பது போல, அனுபவசாலி யாரும் தன் முக்கியமான கணினியில் ஏற்ற மாட்டார். 5.1 வரட்டும் என்பார். நல்ல யோசனைதான். ஆனால் 5.0ஐ யாரும் ஏற்றவில்லை என்றால் 5.1இல் சரிசெய்ய ஒன்றும் இருக்காது, பழைய ஓட்டைகள் அப்படியே புது எண்ணோடு வரும். எப்போதும் 5.1க்கே காத்திருக்கும் மனிதர் புத்திசாலி. அவர் புத்திசாலியாக இருக்க முடிவதே மற்றவர்கள் அப்படி இல்லாததால்தான்.

ஏரிப்பாசன ஊர்களில் இதற்கு முறையாக ஓர் ஏற்பாடு இருந்தது, குடிமராமத்து. கோடையில் ஏரிக்கும் கால்வாய்க்கும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் வெட்ட வேண்டும். தண்ணீர் பாய்ச்சும்போது மட்டும் வருபவனை யாரும் திருடன் என்று சொல்ல மாட்டார்கள், அவன் வயலுக்கும் நீர் போகும். ஆனால் எல்லா வருஷமும் மண்வெட்டி இல்லாமல் வருகிறவனை ஊர் கவனித்து வைத்திருக்கும். சீரிஸ் பார்ப்பதை ஏரி வெட்டுவதோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் கணக்கின் வடிவம் அதுதான். ஒரு தடவை காத்திருப்பதில் குற்றமில்லை. ஒரு தடவைகூட முதலில் போகாமல், மற்றவர் சலித்ததையே தின்றுகொண்டு, கூடவே முதலில் போனவர்களைப் பார்த்து "ஹைப்புக்கு மயங்கறவனுங்க" என்று சிரிப்பதில்தான் அழுக்கு இருக்கிறது.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்க்விட் கேமுக்கு என் முறை தேவையே இல்லை. கோடிக்கணக்கான பேர் மண்வெட்டியோடு நிற்கும் ஏரிக்கு நான் போய் இடிக்கத்தான் முடியும். அதை நான் நிம்மதியாக ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம், யாருக்கும் நட்டமில்லை. யாருமே பேசாத, பட்டியலிலேயே வராத ஒன்று, ஏதோ ஒரு தமிழ் சீரிஸ், யாரோ முதல்முறை இயக்குநர், அதற்கு முதல் வாரம் நான் போவதில்தான் அர்த்தம் உண்டு. ஆனால் நடைமுறையில் நாம் தலைகீழாகச் செய்கிறோம். பெரியதற்கு முதல்நாளே ஓடுகிறோம், சின்னதை "நல்லா இருந்தா யாராச்சும் சொல்லுவாங்க" என்று விட்டுவிடுகிறோம். அதற்குச் சொல்ல ஆளே இருக்க மாட்டார்கள்.

இதுவரை பேசியது எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பதைப் பற்றி. காத்திருப்பவர்கள் இன்னொரு காரணமும் சொல்வார்கள், இதைவிட உயர்வானது: சத்தம் அடங்கியபின் பார்த்தால் என் சொந்தக் கண்ணால் பார்ப்பேன். இந்த எண்ணத்துக்குப் பெரிய பரம்பரை உண்டு. டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், ஒரு மோசமான கவிஞனைச் செல்வாக்கோ பாரபட்சமோ கொஞ்ச காலம் தூக்கிவைக்கலாம், ஆனால் காலம் போகப் போக அது நிற்காது, ஏதென்ஸில் ரசிக்கப்பட்ட ஹோமர் இரண்டாயிரம் ஆண்டு கழித்துப் பாரிஸிலும் லண்டனிலும் ரசிக்கப்படுகிறார் என்று வாதிட்டார். சாமுவேல் ஜான்சன் 1765இல் ஷேக்ஸ்பியர் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் ஒரு நூற்றாண்டு என்பதே வழக்கமாக வைக்கப்படும் கெடு என்று எழுதினார்.

அவர்கள் சொன்ன காலத்துக்கும் நம் மூன்று மாதத்துக்கும் இருக்கும் வித்தியாசம் வெறும் அளவில் இல்லை. நூறாண்டில் நீதிபதிகள் மாறிவிடுகிறார்கள். ஷேக்ஸ்பியருக்கு நண்பர்களும் எதிரிகளும் செத்துப் போய், அந்தச் சண்டையில் பங்கில்லாத வேறு மனிதர்கள் வந்து பார்க்கிறார்கள். மூன்று மாதத்தில் விளம்பரம் மட்டும்தான் நிற்கிறது. நீதிபதிகள் அதே ஆட்கள், அதே வாட்ஸப் குழு. அவர்கள் இப்போது தங்கள் தீர்ப்பை எழுதி முடித்திருக்கிறார்கள், நாம் அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு உள்ளே போகிறோம். ஸ்க்விட் கேமை ஒரு நிமிடம்கூடப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் பெரிய பொம்மை தெரியும், பச்சை டிராக்சூட் தெரியும், முதல் ஆட்டத்தில் திரும்பினால் என்ன ஆகும் என்று தெரியும். அந்த முதல் ஆட்டம் முதல் எபிசோடில் செய்யும் வேலையே, வரப்போவது தெரியாமல் நாமும் களத்தில் நிற்பதுதான். காத்திருந்தவனுக்கு அது கிடைக்காது.

அந்தத் தீர்ப்பாவது உறுதியானதா? 2006இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். பேர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகள், 14,341 பேர். ஒரு பிரிவினருக்குப் பாட்டுகள் மட்டும் காட்டப்பட்டன. மற்றவர்களை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். மிக நல்ல பாட்டு எங்கும் அநேகமாகத் தோற்கவில்லை, மிக மோசமானது எங்கும் அநேகமாக ஜெயிக்கவில்லை. ஆனால் நடுவில் இருந்தவற்றுக்கு என்ன வேண்டுமானாலும் நடந்தது. '52மெட்ரோ' என்ற குழுவின் 'லாக்டவுன்' என்ற பாட்டு, எண் காட்டப்படாதவர்களிடம் 26ஆவது இடம். ஒரு உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் 40ஆவது. பாட்டு அதே பாட்டு. நாம் வாழ்வது ஒரே ஒரு உலகத்தில் என்பதால் இங்கே கிடைத்த தீர்ப்புக்கு மாற்றே கிடையாது என்று தோன்றுகிறது.

அதனால் சொந்தக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவனுக்கு இரண்டு காலம்தான் உண்டு என்று நினைக்கிறேன். ஒன்று முதல் இரண்டு நாள், யாருக்கும் தீர்ப்பு இல்லாதபோது. விளம்பரம் அப்போதும் காதில் இருக்கும்தான், ஆனால் விளம்பரத்தை நம்பாமல் இருக்க நமக்குப் பழக்கம் உண்டு. நண்பர்களின் தீர்ப்பை நம்பாமல் இருக்கப் பழக்கம் இல்லை. இன்னொன்று பல வருடம் கழித்து, அதைப் பற்றிப் பேச யாருக்கும் ஆர்வம் இல்லாதபோது. நாம் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் மூன்று மாதம், ஆறு மாதம் என்பது இரண்டும் கெட்டான் காலம்.

நம் மொழியில் தொடருக்குக் காத்திருந்ததற்கு நல்ல பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை, மூன்றரை ஆண்டு வாராவாரம் வந்தது. இதழ் வந்ததுமே அடித்துப் பிடித்துப் படித்தவர்கள் ஒரு வகை. வாரம் தவறாமல் இதழை வாங்கி, தொடர் வந்த பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்து, மணியம் படங்களோடு சேர்த்து, முடிந்ததும் மொத்தமாகப் பைண்டு செய்தவர்கள் இன்னொரு வகை. தமிழ்நாட்டில் பழைய வீடுகளில் இப்படிப்பட்ட பைண்டு வால்யூம்களை இன்றும் பார்க்கலாம். ஒரு பக்கம் வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டிருப்பான், மறுபக்கம் ஏதோ தைல விளம்பரம் பாதி தெரியும். அந்த வீட்டில் யாராவது ஒருவர் முடிந்த பிறகே படிக்க ஆரம்பித்திருப்பார். அவரும் ஹைப் அடங்கட்டும் என்று இருந்தவர்தான். ஆனால் இதழுக்கு அவர் காசு வாராவாரம் போயிருக்கிறது. கல்கி அலுவலகத்தைப் பொறுத்தவரை, வாங்கி உடனே படித்தவரும் வாங்கி அடுக்கி வைத்தவரும் ஒன்றே. அவருடைய காத்திருப்பு அவர் வீட்டு அலமாரிக்குள் நடந்த விஷயம்.

நம்முடையது அப்படி இல்லை என்பதுதான் இதில் இருக்கும் முக்கியமான மாற்றம். இன்று காசும் கண்ணும் தனித்தனி. காசு மாதாமாதம் நிறுவனத்துக்குப் போகிறது, எந்தப் படைப்புக்கு என்று அதில் எழுதியிருக்காது. எந்தப் படைப்புக்கு என்பதைக் கண் சொல்கிறது, அதுவும் கெடுவுக்குள். கண்ணைப் பிறகு தருகிறேன் என்றால், இதழை வாங்காமல் பக்கத்து வீட்டில் முடிந்தபின் இரவல் வாங்கிக்கொள்கிறேன் என்பதற்குச் சமம். பைண்டு செய்வது போல எடுத்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. போனில் இறக்கியதற்கும் கெடு உண்டு என்பதை என் நண்பன் ஒரு ஞாயிறு இரவு மலை மேல் போய்த்தான் கண்டுபிடித்தான்.

இப்போது அவனும் நானும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். பெரிய சத்தத்தோடு வருவதை இருவரும் விட்டுவிடுகிறோம், பத்து நாள் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. சத்தமே இல்லாமல் வருவதில் மாதத்துக்கு ஒன்று, முதல் வாரமே, ஆளுக்கொரு மாதம் முறை. போன மாதம் அவன் முறை. நாலு எபிசோடு இறக்கிக்கொண்டு போனான், செவ்வாய்க்கிழமை எங்கோ சிக்னல் கிடைக்கும் ஒரு வளைவில் நின்று போன் செய்தான். "மூணாவதுலயே படுத்துருச்சு மச்சான். நீ தொடாத."

நான் தொடவில்லை. இந்த மாதம் என் முறை.